காலுக்கு விடுப்பு, முக்கால் மிச்சம்

போன ஐப்பசியில் ஒரு மாலை. மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த துணிகளை மழைக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று ஓடிய எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவு அக்கா, இறங்கும்போது ஈரமான படியில் சறுக்கி விழுந்தார். இடது கணைக்கால் எலும்பில் முறிவு. எலும்பு இடம் விலகவில்லை. அதனால் அறுவை சிகிச்சை வேண்டாம், மாவுக்கட்டு போதும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தொடையில் தொடங்கிப் பாதம் வரைக்கும் வெள்ளைக் கட்டு.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு வாழ்த்து அட்டை வாங்கினோம். அதில் ஏற்கெனவே அச்சாகியிருந்த வாசகத்தைப் படித்துப் பார்த்த தட்டச்சர், "இதை அக்கா ஒரு தடவை பார்த்துட்டு மூடி வச்சிடுவாங்க. ரெண்டாம் தடவையும் எடுத்துப் படிக்கிற மாதிரி நீங்க பாட்டா எழுதிக் குடுங்க, சிரிப்பா இருக்கணும்" என்று அட்டையை என் மேசையில் வைத்தார். கேட்க எளிது. எழுதி முடிக்க எனக்குப் பதினேழு நாள் ஆனது. எழுத வராததால் அல்ல, வேண்டுமென்றே காத்திருந்தேன். ஏன் காத்திருந்தேன், எதை எழுதி அடித்தேன், எது தேறியது என்பதைச் சொல்கிறேன். உடன் வேலை செய்கிறவர் ஒருவர் கட்டுப்போட்ட காலோடு வீட்டில் இருக்கும்போது நான்கு வரி எழுத நினைக்கிற எவருக்கும் இது உதவும்.

முதலில் காலத்தைப் பற்றி. முறிந்த எலும்புக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. வேடிக்கைப் பாட்டு எழுதுகிறவர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் சில நாட்கள் வீக்கமும் வலியும்தான். காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தபடி படுத்திருப்பார். இரவில் தூக்கம் வராது. கால்விரல்கள் மரத்துப்போகின்றனவா, நீலம் பாய்கிறதா, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போகிறதா என்று வீட்டில் உள்ளவர்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நேரம் அது. அப்படி ஏதாவது தெரிந்தால் கட்டு இறுகிவிட்டது என்று கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அந்த நாட்களில் சிரிப்புக்கு அந்த வீட்டில் இடம் கிடையாது.

இதை நான் அனுபவத்தில்தான் கற்றேன். பல வருடங்களுக்கு முன், வேறு ஓர் ஊரில் வேலை பார்த்தபோது, வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்த நண்பருக்கு இரண்டாம் நாளே நான்கு வரி எழுதிக் கைப்பேசியில் அனுப்பினேன். விழுந்த விதத்தைப் பற்றிய கிண்டல் அது. அப்போது அவர் அறுவை சிகிச்சைக் கூடத்தில் இருந்தார். வெளியே பெஞ்சில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தவர் அவர் மனைவி. அவர்தான் படித்தார். பிறகு நேரில் பார்த்தபோது அந்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தையும் கோபமாகச் சொல்லவில்லை. "அன்னைக்கு உங்க மெசேஜ் வந்துச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு கால் உடைந்தவர்களுக்கு முதல் வாரத்தில் நான் எதுவும் எழுதுவதில்லை. போய்ப் பார்ப்பேன், ஏதாவது வாங்கிவர வேண்டுமா என்று கேட்பேன், அவ்வளவுதான்.

இரண்டு, மூன்று வாரம் போனால் நிலைமை மாறிவிடும். முறிந்த இரு முனைகளுக்கும் நடுவே மெதுவான புதுத் திசு வளர்ந்து ஒரு பாலம் கட்டத் தொடங்கியிருக்கும். அது இறுகி எலும்பாக இன்னும் பல வாரங்கள் பிடிக்கும். கணைக்கால் எலும்பு நன்றாகக் கூடிவர மூன்று, நான்கு மாதம்கூட ஆகலாம். ஆனால் கடும் வலி இறங்கியிருக்கும். வலி இருந்த இடத்தில் சலிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் வாரம் கூட்டமாக வந்தவர்கள் மூன்றாம் வாரம் வரமாட்டார்கள். மின்விசிறியின் சுற்றை எண்ணுவது, கட்டுக்குள் அரிக்கிற இடத்தை வெளியிலிருந்து தடவுவது, மதியம் மூன்று மணிக்கு அலுவலகத்தில் இந்நேரம் டீ வந்திருக்குமே என்று நினைப்பது. பாட்டு போய்ச் சேர வேண்டிய நாள் அதுதான். நான் அட்டையைக் கொண்டு போனது பதினெட்டாம் நாள்.

அடுத்தது எதைப் பார்த்துச் சிரிப்பது என்பது. கால் உடைந்தவரைச் சுற்றி எளிதாகக் கையில் கிடைக்கும் சிரிப்புகள் பெரும்பாலும் முள் உள்ளவை. "உனக்கென்ன, மூணு மாசம் ஜாலி லீவு" என்பதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! விடுப்பு நாள் தீர்ந்தால் சம்பளம் பிடிபடும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவருக்கு அது எப்படிச் சிரிப்பாகும்? "நீங்க இல்லாம ஃபைல் மலையா குவிஞ்சு கிடக்கு" என்பது பாராட்டுப் போலத் தொனிக்கும். படுத்திருக்கிறவர் காதில் அது குற்றச்சாட்டாக விழும். "நீங்க இல்லாமலே எல்லாம் ஓடுது" என்பது அதைவிட மோசம். விழுந்த காட்சியை வர்ணிப்பதும் வேண்டாம். அந்த ஒரு நொடியை அவர் ஏற்கெனவே நூறு தடவை மனத்தில் ஓட்டிப் பார்த்திருப்பார்.

தமிழில் எழுதும்போது இன்னொரு கவனமும் வேண்டும். நம் பேச்சில் காலை வைத்து வழங்கும் மரபுத்தொடர்கள் ஏராளம். ஒவ்வொன்றும் என்னை எடுத்துக்கொள் என்று முன்னால் வந்து நிற்கும். என் முதல் வரைவில் இரண்டு இருந்தன. ஒன்று, ஒற்றைக்காலில் நிற்பது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தரமாட்டேன் என்று அந்த அக்கா பிடிவாதம் பிடிப்பதை அலுவலகம் முழுக்க அறியும். ஒற்றைக்காலில் நிற்பது அவருக்குப் புதிதா என்று ஒரு வரி எழுதினேன். எல்லாரும் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு அவருடைய நேர்மையைப் பார்த்துச் சிரிப்பதாக ஆகிவிடும். நோயில் கிடக்கிறவரிடம் போய் அவர் குணத்தை எடைபோடுவது எந்த ஊர் வழக்கம்? அடித்துவிட்டேன்.

இன்னொன்று கால்கட்டு. கல்யாணத்தைக் கால்கட்டு என்று சொல்வது நமக்குப் பழக்கம். காலில் கட்டோடு இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான சிலேடை கிடையாது என்று நினைத்து, ஒரு கண்ணியை முழுதாக எழுதியும் விட்டேன். இரவு படுக்கும்போதுதான் உறைத்தது. அந்த அக்காவின் கணவர் இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனார். எழுந்து விளக்கைப் போட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அதே வரியை, பெண் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டில் கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞனுக்கு அனுப்பினால் அவனே விழுந்து விழுந்து சிரிப்பான். சிலேடை நல்லதா கெட்டதா என்பதை அதை வாங்கிப் படிக்கிறவரின் வீடு தீர்மானிக்கிறது.

அப்படியென்றால் எதை வைத்துச் சிரிக்க வைப்பது? எனக்கு வழி காட்டியது அந்தச் சொல்லேதான். கால் என்ற சொல்லைத் தமிழ் எத்தனை வேலைக்கு வைத்திருக்கிறது! உடம்பின் கால், பந்தலின் கால், கட்டிலின் கால், தண்ணீர் ஓடும் வாய்க்கால், பழந்தமிழில் காற்றுக்கும் கால் என்றே பெயர். கணக்கில் கால் என்றால் நாலில் ஒரு பங்கு. அதில் பாதி அரைக்கால், மூன்று பங்கு சேர்ந்தால் முக்கால். இவ்வளவு பொருளும் ஒரே சொல்லில் இருக்கும்போது, ஆளைத் தொடாமல் சொல்லோடு மட்டும் விளையாடலாம். சிலேடையின் பெரிய அருமை இது. அடி சொல்லின்மேல் விழும், மனிதர்மேல் விழாது. காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடியதாகச் சொல்லும் நாட்டில், ஒரு கணக்குப் பிள்ளைக்குக் காலையும் கால்பங்கையும் சேர்த்துப் பாட முடியாதா?

கணக்குப் பிரிவு அக்காவுக்குக் கிடைத்த முதல் சிரிப்பு அதுதான். ஒருவருக்குக் கால் முடங்கியிருந்தால் கணக்குப்படி மிச்சம் என்ன? முக்கால். ஒன்றில் கால் கழித்தால் முக்கால் என்பது எந்தத் தணிக்கைக்கும் தாங்கும் கணக்கு. முடங்கியது சின்னப் பங்கு, நலமாக இருப்பது பெரிய பங்கு என்ற ஆறுதலும் அந்தக் கழித்தலுக்குள்ளேயே இருக்கிறது. தனியாக ஆறுதல் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது சிரிப்பு எழுத்திலிருந்து வந்தது. எழுத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த நெடில் குறிக்கு நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பெயர் துணைக்கால். கால் என்று எழுதிப் பாருங்கள். ககரத்துக்கும் லகர மெய்க்கும் நடுவில் ஒரு துணைக்கால் நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கல். தமிழில் காலே துணைக்கால் இல்லாமல் நிற்க முடியாது! ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு நாலு பேர் முன்னால் நடக்க அந்த அக்கா கூச்சப்படுகிறார் என்று அவர் தங்கை எங்களிடம் சொல்லியிருந்தார். அந்தக் கூச்சத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தோன்றவில்லை. கோலை ஊன்றுவது குறையில்லை, அந்தச் சொல்லுக்கே இலக்கணம் அப்படித்தான் என்று சொல்லிவிடலாம்.

இனி, எந்த யாப்பில் எழுதுவது? வெண்பா எழுதலாம். ஆனால் வெண்பாவின் தளை மிகவும் கட்டானது. பேச்சுச் சொல்லையும் மாவுக்கட்டையும் அடிஸ்கேலையும் அதற்குள் அடக்கினால் சிரிப்பு மூச்சு முட்டிப்போகும். யாப்பே இல்லாமல் வசன வரிகளாக எழுதினால் சிலேடை நிற்கும், ஆனால் வாயில் நிற்காது. படுத்திருக்கிறவர் மின்விசிறியைப் பார்த்தபடி முணுமுணுக்க வேண்டும் என்றால் தாளம் வேண்டும். அதனால் சிந்துக்குப் போனேன். சிந்துகளில் இந்த வேலைக்கென்றே பிறந்தது போன்ற ஒன்று இருக்கிறது. அதன் பெயர் நொண்டிச்சிந்து.

இந்தப் பெயரின் கதை சுவையானது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் தமிழகத்தில் நொண்டி நாடகம் என்ற கூத்து வகை பரவலாக இருந்தது. கதை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு திருடன். தாசியிடம் மயங்கிப் பணத்தை எல்லாம் தொலைத்து, குதிரை திருடப் போய் அகப்பட்டு, தண்டனையாகக் கால் வெட்டப்படுகிறான். மனம் திருந்தித் தெய்வத்தை வேண்டி மறுபடி கால் பெறுகிறான். ஒரே நடிகர் ஒற்றைக்காலில் ஆடியபடி தன் கதையைத் தானே பாடுவார். திருச்செந்தூர் நொண்டி நாடகத்தில் அவன் கால் பெறுவது முருகன் அருளால். கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பேரில் ஒரு நொண்டி நாடகம் உண்டு. அதில் அவன் வள்ளலின் உதவி பெற்று மக்காவுக்குப் போகிறான். தமிழ்நாட்டுக் கூத்து மேடையில் கால் உடைந்தவன் கதை எப்போதும் கால் கூடுவதில்தான் முடிந்திருக்கிறது. நலம் பெற வாழ்த்தும் பாட்டுக்கு இதைவிட நல்ல சகுனம் வேறென்ன?

அந்த நடிகர் பாடிய மெட்டின் ஓட்டமே யாப்பானது. ஓர் அடியை இரண்டு பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பாதி மூன்று சீர் போய் நிற்கும். அங்கே ஒரு சின்னத் தனிச்சொல் வரும். அதில் ஊன்றிக்கொண்டு அடுத்த பாதி கிளம்பும். ஓர் அடி எடுத்துவைத்து, நின்று, கோலை ஊன்றி, அடுத்த அடி வைக்கும் நடை. வாய்விட்டுப் படித்தால் காதிலேயே அது கேட்கும். இந்த யாப்பு கேலிக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். பாரதியார் 'பாரத ஜனங்களின் தற்கால நிலைமை' பாடலை நொண்டிச்சிந்து என்று குறித்தே எழுதினார். அது நெஞ்சு வேகிற பாட்டு.

ஆனால் ஒன்று. யாப்பை எடுத்துக்கொள்ளலாம், அதன் பெயரை அட்டையில் எழுதக்கூடாது. அந்தச் சொல் இன்று தெருவில் வசையாக வழங்குகிறது. அதைக் கேட்டே வளர்ந்து காயப்பட்டவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். சில மாதத்தில் எழுந்து நடக்கப்போகிற ஒருவரிடம் விளையாட்டாகச் சொன்னாலும், அதே அலுவலகத்தில் நிரந்தரமாகக் கோல் ஊன்றி நடப்பவர் ஒருவர் அந்த அட்டையில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். துணைக்கால் கண்ணியை முதலில் அவரிடம்தான் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "இது இருக்கட்டும் சார்" என்றார். அதன் பிறகே அதை வைத்துக்கொள்ளும் துணிவு எனக்கு வந்தது.

எழுதும்போது கடைப்பிடித்த ஓசை விதிகள் இரண்டே. அடியின் முதல் பாதி தொடங்கும் எழுத்தும் இரண்டாம் பாதி தொடங்கும் எழுத்தும் மோனையாக இணைய வேண்டும். முதல் அடியும் அடுத்த அடியும் இரண்டாம் எழுத்தில் எதுகையாக இணைய வேண்டும். இவ்வளவு இருந்தால் பாட்டு தானாக நிற்கும். தனிச்சொல் வரும் இடத்தில் பலமுறை 'அக்கா' என்றே வைத்தேன். ஊன்றிக்கொள்ளும் இடத்தில் அவரைக் கூப்பிடும் சொல்லே இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

முக்கால் கண்ணி எப்படி வந்தது என்பதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். முதலில் எழுதிய வரி, 'காலொன்று போனால் என்ன' என்று தொடங்கியது. ஓசை சரி, கருத்தும் சரி. வாய்விட்டுப் படித்தபோதுதான் 'போனால்' என்ற சொல் காதில் இடித்தது. கால் போய்விட்டது என்று நோயாளி வீட்டுக்குள் எழுதி அனுப்பலாமா? நம் வீடுகளில் விளக்கை அணை என்றுகூடச் சொல்லமாட்டார்கள், குளிர வை என்பார்கள். 'உடைந்தால்' என்று மாற்றினேன், அதுவும் ஆகவில்லை. 'முடங்கினால்' சோர்வாக இருந்தது. அப்படியே ஓர் அரைநாள் போனது. மாலையில் அக்காவின் மேசையைக் கடந்து போகும்போது அங்கே விடுப்பு விண்ணப்பப் படிவங்களின் கட்டு கண்ணில் பட்டது. காலுக்கு விடுப்பு! கால் எங்கும் போகவில்லை, விடுப்பில் இருக்கிறது, விடுப்பு முடிந்தால் வேலைக்குத் திரும்பும். ஒரு சொல் மாறியதும் கண்ணி முழுக்க முகம் மலர்ந்தது. எதுகைக்கு 'கா-லு' வோடு சேர 'நா-லு' வேண்டும் என்று தேடியபோது எதிரிலேயே அவர் நாற்காலி. நாலு கால் இருந்தும் அது ஓர் அடி நகர்ந்ததா?

பிரண்டையும் ஆட்டுக்கால் சூப்பும் இல்லாமல் கால் முறிவுப் பாட்டு முழுமை பெறாது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வது எந்த வீட்டிலும் உண்டு. புத்தூருக்குக் கூட்டிப் போயிருக்கலாமே என்பவர் ஒருவராவது வருவார். அந்தக் கண்ணியில் முதலில், காப்பி கொடுத்து அவர்களை அனுப்பிவிடுங்கள் என்ற பொருளில் ஒரு வரி வைத்திருந்தேன். பிறகுதான் யோசித்தேன். அட்டை அலமாரியில் நிற்கும். வருகிறவர்கள் எல்லாரும் எடுத்துப் படிப்பார்கள். தினமும் சூப் வைத்துத் தருகிற தங்கையும் படிப்பார். அன்பாக வருகிறவர்களை விரட்டும் வரி அந்த அலமாரியில் இருக்கக்கூடாது. அவர்கள் கையில் இன்னும் பத்து வைத்தியம் இருக்கும் என்று மாற்றினேன். இப்போது அவர்களும் சேர்ந்து சிரிக்கலாம்.

கடைசிக் கண்ணியில் அரிப்பு வருகிறது. கட்டுக்குள் அரிக்கும்போது கையில் கிடைக்கிற அடிஸ்கேல், ஸ்வெட்டர் பின்னும் ஊசி என்று எதையாவது உள்ளே விட்டுச் சொறிவது எல்லாரும் செய்கிற காரியம். வேடிக்கையாக எழுத அருமையான இடம். ஆனால் அப்படிச் சொறிந்தால் உள்ளே தோல் கீறிப் புண்ணாகும். கண்ணுக்குத் தெரியாமல் சீழ் பிடிக்கும். கட்டைப் பிரிக்கும்போதுதான் தெரியவரும். அதனால் விளையாட்டுக்குக்கூட ஸ்கேலை உள்ளே விடுவதாக எழுதவில்லை, விட வேண்டாம் என்று எழுதினேன். கணக்கு எழுதுகிறவர் மேசையில் எப்போதும் இருக்கும் பொருள் அது என்பதால் சிரிப்பும் குறையவில்லை.

பாட்டு இதுதான்:

சட்டென வந்த மழை — அக்கா,
  சறுக்கிய படிக்கட்டின் மேல்தான் பிழை;
கட்டிலில் ஓய்வெ டுங்கள் — எந்தக்
  கணக்குக்கும் இன்றைக்கு அவசரமில்லை.

காலுக்கு விடுப்புத் தந்தோம் — அக்கா,
  கணக்கிலே முக்கால் மிச்சமுண்டு;
நாலுகால் இருந்தும் என்ன — உங்கள்
  நாற்காலி ஓரடி நகரவில்லை.

எழுத்திலே காலைப் பார்த்தால் — நடுவே
  இன்னொரு துணைக்கால் ஊன்றிநிற்கும்;
பழுதில்லை ஊன்று கோலால் — துணை
  பறித்தால்தான் காலும் கல்லாய்ப்போகும்.

சூப்பெனச் சொல்வார் சிலர் — சிலர்
  சுடச்சுடப் பிரண்டையின் புகழ்படிப்பார்;
காப்பியைத் தந்து கேட்டால் — இன்னும்
  கைவசம் பத்துண்டு வைத்தியங்கள்.

அரிப்பெடுத் தாலும் கூட — அக்கா,
  அடிஸ்கேலை உள்ளே விடவேண்டாம்;
சிரிப்பினை அனுப்பி வைத்தோம் — அதில்
  சில்லறை பாக்கியும் தரவேண்டாம்.

இதில் யாப்பு தெரிந்தவர்கள் குறை காணலாம். முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் இயைபு ஒட்டுவது போல மற்றவற்றில் ஒட்டவில்லை. நான்காம் கண்ணியில் பிரண்டை வரும் இடம் கொஞ்சம் நெரிசல். 'ஓய்வெ டுங்கள்' என்று சொல்லைப் பிளந்தது தாளத்துக்காக. இந்தக் குறைகளைச் சரிசெய்ய இன்னும் ஒரு வாரம் எடுத்திருக்கலாம், ஆனால் அக்காவின் சலிப்புக்கு அந்த வாரம் அதிகம். வாழ்த்துப் பாட்டில் மோனை தவறினால் யாருக்கும் வலிக்காது. நாள் தவறினால் பாட்டே வீண்.

நீளத்திலும் ஓர் அளவு உண்டு. முதலில் ஒன்பது கண்ணி எழுதியிருந்தேன். ஐந்துக்குமேல் போனால் அட்டையில் எழுத்து பொடியாகும், படுத்தபடி படிக்கிறவர் கை வலிக்கும். அட்டையின் இடது பக்கம் பாட்டு, வலது பக்கம் எல்லாருடைய கையெழுத்தும். கைப்பேசிக் குழுவில் போடவில்லை. அங்கே போட்டால் அவர் பார்ப்பதற்கு முன்னால் முப்பது பேர் பார்த்துச் சிரித்துவிடுவார்கள். அவருடைய சிரிப்பு முதலில் வர வேண்டும்.

பதினெட்டாம் நாள் மாலை நான்கு பேர் போனோம். அக்கா கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தார். அட்டையைத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரவு செலவுப் பேரேட்டைப் பார்ப்பது போல ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். முதல் கண்ணியில் முகம் மாறவில்லை. இரண்டாவதில் 'முக்கால்' வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். துணைக்கால் கண்ணியில் நிறுத்தி, காற்றில் விரலால் கால் என்று எழுதிப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பிச் சுவரில் சாத்தியிருந்த ஊன்றுகோலைப் பார்த்தார்.

முழுதும் படித்துவிட்டு என்னைப் பார்த்து, "எல்லாம் சரி தம்பி, காலுக்கு விடுப்புத் தந்தோம்னு எழுதியிருக்கியே, யாரு சாங்ஷன் பண்ணது? ஆர்டர் காப்பி எங்கே?" என்றார். அவர் தங்கை சூப் கிண்ணத்தோடு வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

பதினான்காம் வாரம் அக்கா வேலைக்கு வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, அட்டையைப் பையிலிருந்து எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.